காரின் வைஃபையா, போனின் ஹாட்ஸ்பாட்டா: இணையம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிவது எப்படி?

என் மைத்துனர் சென்ற ஆண்டு ஒரு கார் வாங்கினார். சித்திரை விடுமுறையில் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பி, புதுச்சேரி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போவதாகத் திட்டம். காரில் வைஃபை இருப்பதாக விற்பனையாளர் சொல்லியிருந்ததால், பிள்ளைகளுக்காகத் தனியாக டேட்டா பேக் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் பின் இருக்கையிலிருந்து மைத்துனரின் மகன் குரல் கொடுத்தான்: "மாமா, வைஃபை கோடு முழுசா இருக்கு, ஆனா வீடியோ ஓடவே மாட்டேங்குது."

அவன் சொன்ன இரண்டும் உண்மைதான். கோடு முழுதாக இருந்தது. இணையம் துளியும் இல்லை. இவை இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பது புரிந்துவிட்டால், காரின் வைஃபையைப் பற்றிய குழப்பத்தில் முக்கால் பங்கு தீர்ந்துவிடும்.

வைஃபை என்பது அருகருகே இருக்கும் இரண்டு கருவிகளுக்கு இடையிலான கம்பியில்லா இணைப்பு, அவ்வளவுதான். இணையம் அதன் வழியாக வரலாம், வராமலும் இருக்கலாம். வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது மேலே தொட்டி நிரம்பியிருப்பதால்தான். தொட்டியே இல்லாத வீட்டிலும் குழாயைப் பொருத்திவிட முடியும். போனில் தெரியும் வைஃபைக் கோடுகள் குழாய் எவ்வளவு அகலம் என்பதை மட்டுமே காட்டுகின்றன. தொட்டி எங்கே இருக்கிறது, அதை யார் காசு கொடுத்து நிரப்புகிறார்கள் என்பதை நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே பெயர், மூன்று வேலைகள்

காரின் திரையில் அல்லது விளம்பரத் தாளில் "வைஃபை" என்று எழுதியிருந்தால், அது மூன்று வெவ்வேறு ஏற்பாடுகளில் ஒன்றைக் குறிக்கலாம்.

முதல் ஏற்பாட்டில் காருக்குள்ளேயே ஒரு சிம்மும் மோடமும் இருக்கும். கார் அந்தச் சிம் வழியாக இணையத்தைப் பெற்று, வீட்டு ரவுட்டரைப் போல உள்ளே இருப்பவர்களுக்குப் பகிர்ந்து தரும். நம்மில் பெரும்பாலானோர் "காரில் வைஃபை" என்றதும் நினைத்துக்கொள்வது இதைத்தான்.

இரண்டாவது ஏற்பாடு ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்ப்ளே ஆகியவற்றைக் கேபிள் இல்லாமல் ஓட்டுவதற்கானது. போனில் ஓடும் வரைபடத்தையும் பாட்டையும் காரின் திரைக்கு அனுப்ப ப்ளூடூத்தின் வேகம் போதாது. ஆகவே கார் ஒரு வைஃபை வலையமைப்பை உருவாக்கி, போனை அதற்குள் அழைத்துக்கொள்கிறது. இங்கே இணையத்தைக் கொண்டுவருவது போன். காட்டுவது மட்டுமே கார். அந்த வலையமைப்பில் வேறொரு கருவியை இணைத்தால், அதற்கு அங்கே எதுவும் கிடைக்காது. எங்களுக்கு அன்று நடந்தது இதுவே. பையன் எப்படியோ திரையில் தெரிந்த பெயரையும் கடவுச்சொல்லையும் பார்த்து, டேப்லெட்டை அதில் இணைத்துவிட்டிருந்தான்.

மூன்றாவது ஏற்பாட்டில் திசையே தலைகீழாகிவிடுகிறது. கார் இணையத்தைக் கொடுப்பதில்லை, வாங்குகிறது. வரைபடத்தையோ திரையின் மென்பொருளையோ புதுப்பிப்பதற்காக, கார் உங்கள் வீட்டு வைஃபையிலோ போனின் ஹாட்ஸ்பாட்டிலோ சேர்ந்துகொள்ளும். "வைஃபை வசதி உண்டு" என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் வாங்குபவருக்கு இது எதைக் குறிக்கிறது என்று தெரியவே வழியில்லை. காட்சியறையில் நிற்கும்போதே "இதில் சிம் இருக்கிறதா, அந்தச் சிம் எங்கள் போனுக்கு இணையம் தருமா" என்று இரண்டு கேள்விகளாகப் பிரித்துக் கேட்பது நல்லது. சிம் இருப்பதும் அது நமக்கு இணையம் தருவதும் ஒன்றல்ல.

இந்த வேறுபாட்டை இன்னும் கொஞ்சம் விளக்க வேண்டும். இப்போது வரும் பல கார்களில், கார் நிற்கும் இடத்தைப் போனில் காட்டவும், தொலைவிலிருந்து கதவைப் பூட்டவும், விபத்து நேர்ந்தால் உதவி மையத்தை அழைக்கவும் உள்ளே ஒரு இசிம் பொருத்தியிருக்கிறார்கள். அது நாம் கழற்றி மாற்றக்கூடிய சிம் அல்ல. இந்தியாவில் இத்தகைய இயந்திரச் சிம்களுக்கு 13 இலக்க எண் வழங்கப்படுகிறது. அவை எந்த எண்களை அழைக்கலாம், எந்த வழியில் டேட்டாவை அனுப்பலாம் என்பதற்கும் 2018 முதல் தொலைத்தொடர்புத் துறையின் கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே போனில் இருக்கும் கார் செயலி நன்றாக வேலை செய்கிறது என்பதை வைத்து, அதே சிம் பிள்ளைகளின் டேப்லெட்டுக்கும் இணையம் தரும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஹாட்ஸ்பாட்டுக்கான டேட்டா தனிப் பேக்காக இருக்கலாம். அல்லது அந்த வசதியே உங்கள் மாடலில் இல்லாமல் இருக்கலாம்.

உங்கள் காரில் இருப்பது எது?

காரை ஓரமாக நிறுத்தி, திரையின் அமைப்புகளில் வைஃபை பகுதியைத் திறந்து பாருங்கள். சுற்றியிருக்கும் வலையமைப்புகளின் பட்டியல் அங்கே வந்து, ஒன்றைத் தொட்டதும் கடவுச்சொல் கேட்டால், கார் வாங்கும் இடத்தில் இருக்கிறது. இது மூன்றாவது வகை. மாறாக, காரின் பெயரில் ஒரு வலையமைப்பும் அதற்கான கடவுச்சொல்லும் திரையிலேயே எழுதியிருந்தால், கார் கொடுக்கும் இடத்தில் இருக்கிறது. ஆனால் அது முதல் வகையா இரண்டாவது வகையா என்பது இன்னும் தெரியவில்லை. சில கார்களில் கொடுப்பது, வாங்குவது இரண்டுக்கும் தனித்தனிப் பக்கங்கள் இருக்கும். திரையில் Hotspot என்ற சொல் தனியாக இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்து, போனின் வைஃபையைத் திறந்து காரின் பெயரைத் தொட்டு, திரையில் உள்ள கடவுச்சொல்லைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பிசகாமல் உள்ளிடுங்கள். கார் திரையில் கியூஆர் குறியீடு இருந்தால் போனின் கேமராவால் அதைப் படித்தாலே போதும். இணைந்தவுடன் போன் தானாகவே ஒரு சிறு சோதனை செய்கிறது. ஆண்ட்ராய்டு போன் கூகுளின் ஒரு முகவரிக்குக் கோரிக்கை அனுப்பி, 204 என்ற பதில் எண் வருகிறதா என்று பார்க்கும். ஐபோனும் ஆப்பிளின் முகவரியில் இதே போன்ற ஒரு சோதனையைச் செய்யும். பதில் வராவிட்டால் ஆண்ட்ராய்டில் வைஃபைக் குறியின் பக்கத்தில் ஆச்சரியக்குறி தோன்றும். பெயருக்குக் கீழே No internet என்ற சொற்களும் வரும். அந்தச் சிறிய ஆச்சரியக்குறியை யாரும் கவனிப்பதில்லை. எங்கள் பையனின் டேப்லெட்டில் அது முதலிலிருந்தே இருந்தது.

இதில் ஒரு பொறி உண்டு. வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும், போன் சத்தமில்லாமல் தன் சொந்த மொபைல் டேட்டாவுக்குத் திரும்பிவிடும். நீங்கள் காரின் வைஃபையில் இருப்பதாக நம்பிக்கொண்டு படம் பார்ப்பீர்கள். கரைவது உங்கள் அன்றாட டேட்டா. எனவே சோதிக்கும்போது மொபைல் டேட்டாவை முதலில் அணைத்துவிட்டு, இதுவரை திறக்காத ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் கார் இணையம் தருகிறது. திறக்காவிட்டால் அது திரைக்கான வைஃபை மட்டுமே. டேப்லெட்டில் சிம் இல்லாததால் அதற்கு இந்த மாற்று வழியும் இல்லை. அதனால்தான் அதே வலையமைப்பில் என் போன் ஓட, டேப்லெட் ஓடவில்லை. மைத்துனர் அதைப் பார்த்துவிட்டு "டேப்லெட்தான் பழுது" என்று சொன்னதற்கும் இதுதான் காரணம்.

கேபிள் இல்லாத ஆண்ட்ராய்டு ஆட்டோவில் கடவுச்சொல்லை நீங்கள் உள்ளிட வேண்டியதே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதலில் ப்ளூடூத்தில் போனையும் காரையும் சேர்ப்பீர்கள். இரண்டு திரைகளிலும் ஒரே எண் தெரிகிறதா என்று பார்த்து ஒப்புக்கொள்வீர்கள். அதன் பிறகு கார் தன் வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் ப்ளூடூத் வழியாகவே போனுக்குச் சொல்லிவிடும்; போன் தானாக இணைந்துகொள்ளும். ஆகவே போனில் ப்ளூடூத், வைஃபை இரண்டும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். மின்கலம் மிச்சமாகும் என்று ஒன்றை அணைத்து வைப்பவர்களுக்குத்தான் "தினமும் காரில் சேர மாட்டேன் என்கிறது" என்ற சிக்கல் வருகிறது.

சிம் உள்ள காரில் ஒரு மாதம்

முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அண்ணனின் கார் முதல் வகையைச் சேர்ந்தது. அதன் வைஃபையில் உண்மையாகவே இணையம் வரும். ஒரு மாதம் அந்தக் காரில்தான் வாரம் இரண்டு முறை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே போய்வந்தேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வாய்ப்பாக அமைந்தது.

காரின் பெரிய பலம் அதன் ஆன்டெனா. காரின் உடல் முழுவதும் உலோகம். வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய உலோகப் பூச்சுள்ள கண்ணாடியும் சேர்ந்துகொண்டால், வெளியே இருக்கும் கோபுரத்தின் அலை உள்ளே வரும்போது கணிசமாக வலுவிழந்துவிடுகிறது. போன் அந்த வலுவிழந்த அலையை வைத்துத்தான் வேலை செய்கிறது. காரின் மோடத்துக்கோ கூரைமேல் ஆன்டெனா இருக்கும். உலோகச் சுவர் அதற்குத் தடையே அல்ல. கூரைமேல் சுறாத் துடுப்பு போலத் தெரியும் எல்லாமே இணைய ஆன்டெனா என்று நினைத்துவிட வேண்டாம். சில கார்களில் அதற்குள் வானொலிக்கும் ஜிபிஎஸ்ஸுக்குமான ஆன்டெனா மட்டுமே இருக்கும்.

இந்த வேறுபாட்டைப் போனிலேயே பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் போனைப் பற்றிய பகுதியில் சிம்மின் நிலையைத் திறந்தால் அலையின் வலு dBm என்ற அளவில், மைனஸ் எண்ணாகத் தெரியும். பூஜ்ஜியத்துக்கு நெருங்க நெருங்க வலு அதிகம். மைனஸ் 85 நல்லது, மைனஸ் 115 மோசம். எண்ணில் 3 குறைந்தால் வலு பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது என்பதை நினைவில் வைத்தால் போதும். மரக்காணத்துக்கு முன்னால் ஓரிடத்தில் காரை நிறுத்தி, அதே போனை முன்கண்ணாடியருகே வைத்தபோது மைனஸ் 98 காட்டியது. நடுக் கைப்பெட்டிக்குள் போட்டு மூடி, ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தபோது மைனஸ் 107. பெட்டிக்குள் வைத்தபடி ஹாட்ஸ்பாட் பகிர்பவர், ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு வலுவைக் கொண்டு மொத்தக் குடும்பத்துக்கும் இணையம் தர முயல்கிறார்.

ஆனால் ஆன்டெனா நன்றாக இருப்பதும் மோடம் புதிதாக இருப்பதும் வேறு வேறு. ஒரு காரை வடிவமைத்துச் சாலைக்குக் கொண்டுவரச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் இருக்கும் மோடம் அந்தப் பழைய காலத்துடையது. நாம் காரைப் பத்து ஆண்டுகள் வைத்திருப்போம், போனை மூன்று ஆண்டுகளில் மாற்றிவிடுவோம். அண்ணனின் காரில் இருப்பது 4ஜி மட்டுமே. என் போனில் 5ஜி உண்டு. புதுச்சேரி நகருக்குள், அலை நன்றாக உள்ள இடத்தில், போனின் ஹாட்ஸ்பாட் காரைப் பல மடங்கு முந்தியது. ஊரைத் தாண்டி, கோபுரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் இடங்களில் நிலைமை மாறியது. போனில் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க, கார் மெதுவாகவும் சீராகவும் தந்தது. படம் பார்ப்பவருக்கு உச்ச வேகத்தைவிட இந்தச் சீர்தான் முக்கியம். 480p தரத்தில் ஒரு காணொளி ஓட நொடிக்கு ஏறத்தாழ 1.1 மெகாபிட் போதும்; அது நடுவில் அறுந்துபோகாமல் வர வேண்டும், அவ்வளவுதான்.

புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதி என்பதால் முள்ளோடை எல்லையைத் தாண்டும்போது ரோமிங் ஆகிவிடுமா என்று சிலர் இன்னமும் கேட்கிறார்கள். தொலைத்தொடர்பைப் பொறுத்தவரை புதுச்சேரி தமிழ்நாடு வட்டத்துக்குள்தான் இருக்கிறது. எல்லையில் இணைப்பு ஒரு நொடி தடுமாறினால், அதற்குக் காரணம் ஒரு கோபுரத்திலிருந்து அடுத்ததற்கு மாறுவதாகத்தான் இருக்கும்.

அந்த ஒரு மாதத்தில் எனக்கு ஒரு சங்கடமும் நேர்ந்தது. அண்ணனின் கார்ப் பேக்கில் மாதத்துக்கு மிகக் குறைந்த டேட்டாதான் இருந்தது. முதல் வாரம் முடிவதற்குள் அது தீர்ந்துவிட்டது. காரில் வேறு யாரும் ஏறவில்லை, நானும் எதையும் பார்க்கவில்லை. பிறகு என் போனில் தேடியபோது விஷயம் புரிந்தது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் காதணி விழாவில் எடுத்த காணொளிகள் அனைத்தையும், புகைப்படச் செயலி "வைஃபை கிடைத்துவிட்டது" என்று மகிழ்ந்து காரின் சிம் வழியாக மேலே ஏற்றி முடித்திருந்தது.

போனுக்கு வைஃபை என்றால் வீட்டு இணைப்பு, அளவில்லாதது என்ற நினைப்பு. செயலிகளைப் புதுப்பிப்பதும் படங்களைக் காப்பெடுப்பதும் வாட்ஸப் காணொளிகளை இறக்குவதும் அந்த நினைப்பில்தான் நடக்கின்றன. இந்த இடத்தில் போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு ஒரு சிறப்பு உண்டு. ஆண்ட்ராய்டு போன் ஒன்று ஹாட்ஸ்பாட் தரும்போது, தன்னோடு சேரும் இன்னொரு ஆண்ட்ராய்டு கருவிக்கு "இது அளவுள்ள இணைப்பு" என்ற குறிப்பையும் சேர்த்தே கொடுத்துவிடும். அந்தக் கருவி பெரிய வேலைகளைத் தள்ளிவைக்கும். காரின் வைஃபை இப்படிச் சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது. நாமே சொல்லி வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் காரின் வைஃபைப் பெயரைத் தொட்டு விவரங்களுக்குள் போய், Network usage என்ற இடத்தில் Treat as metered என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ஐபோனில் அதே இடத்தில் Low Data Mode என்ற சுவிட்ச் இருக்கிறது. நான் அன்றைக்கே இதைச் செய்துவிட்டேன்; அண்ணனிடம் விஷயத்தைச் சொல்ல இரண்டு நாள் ஆனது.

காரின் இணைப்புக்கு இன்னும் இரண்டு வரம்புகள் உண்டு. பெரும்பாலும் அது இக்னிஷன் திறந்திருக்கும்போது மட்டுமே இயங்கும். வெள்ளிக் கடற்கரையில் காரை அணைத்துவிட்டு உட்கார்ந்து பேசும்போது வைஃபையும் அணைந்துவிடும். திரும்ப வண்டியை எடுத்தாலும், மோடம் விழித்துக் கோபுரத்தைப் பிடிக்கும்வரை சிறிது நேரம் வெறும் கோடுகள் மட்டுமே தெரியும். அந்த நேரத்தில் வரும் No internet செய்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

போனின் ஹாட்ஸ்பாட்டும் அதன் சிக்கல்களும்

மைத்துனரின் காருக்குத் திரும்புவோம். அங்கே கார் இணையம் தராது என்று தெரிந்துவிட்டது. மிச்சம் இருப்பது என் போனின் ஹாட்ஸ்பாட். அரியாங்குப்பம் நெரிசலில் நின்றிருந்தபோது அதைத் திறந்தேன். உடனே காரின் திரையிலிருந்து வரைபடம் மறைந்தது.

பல போன்களில் இப்படித்தான் நடக்கும். கேபிள் இல்லாத ஆண்ட்ராய்டு ஆட்டோ ஓடும்போது, போனின் வைஃபை ஏற்கெனவே காரின் வலையமைப்பில் விருந்தாளியாக இருக்கிறது. ஹாட்ஸ்பாட் திறந்தால் அதே வைஃபை விருந்து கொடுப்பவராக மாற வேண்டும். இரண்டு வேலையையும் ஒருங்கே செய்ய முடியாத போன், பழைய உறவை முறித்துக்கொள்கிறது. புதிய போன்கள் சில இரண்டையும் சமாளிக்கின்றன. ஆனாலும் திரை விட்டுவிட்டு வருவதுண்டு. இதற்கு எளிய வழி பழைய வழிதான்: போனைக் கேபிளில் காரோடு இணைத்துவிடுங்கள். வரைபடம் கேபிள் வழியாகப் போகும், வைஃபை முழுவதும் ஹாட்ஸ்பாட்டுக்குக் கிடைக்கும், போனுக்கு மின்சாரமும் ஏறும். சார்ஜ் செய்ய மட்டுமே பயன்படும் மலிவான கேபிள்கள் தரவைக் கடத்தாது. போனோடு வந்த கேபிள் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹாட்ஸ்பாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகள் இருக்கும். 2.4 சுவர்களைத் தாண்டித் தொலைவு போகும் என்பதால் வீட்டில் பலர் அதை விரும்புவார்கள். காருக்குள் முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் இடையே இரண்டு மீட்டர்கூட இல்லை. தொலைவு இங்கே ஒரு பொருட்டே அல்ல. மேலும் ப்ளூடூத் இயங்குவதும் அதே 2.4 வரிசையில்தான். ஹாட்ஸ்பாட்டை 2.4இல் வைத்து, பாட்டை ப்ளூடூத்தில் கேட்டால், பாட்டு இடையிடையே திக்கலாம். அப்படித் திக்கினால் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். ஐபோனில் Maximize Compatibility என்ற சுவிட்ச் திறந்திருந்தால் ஹாட்ஸ்பாட் 2.4இல் ஓடுகிறது என்று பொருள். 5ஐப் பிடிக்காத பழைய டேப்லெட்டுக்காக மட்டும் அதைத் திறந்து வையுங்கள்.

அடுத்தது இரண்டு சிம். நம்மில் பலர் ஒரு சிம்மில் பேசுவதும் இன்னொன்றில் டேட்டா வாங்குவதுமாக இருக்கிறோம். பல போன்களில் பேசும் சிம்மில் அழைப்பு வந்ததும் மற்ற சிம்மின் டேட்டா நின்றுவிடும்; அழைப்பு முடியும்வரை ஹாட்ஸ்பாட்டில் உள்ள அனைவருக்கும் இணையம் நிற்கும். பின் இருக்கையிலிருந்து புகார் வரும் நேரமும் உங்களுக்கு அழைப்பு வரும் நேரமும் ஒத்துப்போகிறதா என்று கவனித்தால் இதை எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். சிம் அமைப்புகளில், அழைப்பின்போது டேட்டாவை மற்ற சிம்முக்கு மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் தேர்வு இருந்தால் திறந்து வையுங்கள். காரின் சிம்முக்கு இந்தத் தொல்லை இல்லை.

தேநீர் குடிக்க இறங்கித் திரும்பும்போது ஹாட்ஸ்பாட் காணாமல் போயிருப்பதும் வழக்கம். யாரும் இணைந்திருக்கவில்லை என்றால் சிறிது நேரத்தில் போன் அதைத் தானாக அணைத்துவிடும். ஆண்ட்ராய்டில் இந்தத் தானியங்கி அணைப்பை நிறுத்தி வைக்கலாம். ஐபோனில் மற்ற கருவி வந்து சேரும்வரை Personal Hotspot பக்கத்தைத் திறந்தபடி வைத்திருப்பதே சரி.

இவை எல்லாவற்றையும்விடக் கடலூர்ப் பக்கம் முதலில் உறைப்பது வெயில்தான். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிள் சொல்கிறது. கத்திரி வெயிலில் டாஷ்போர்டின்மேல் இருக்கும் போன், வரைபடத்தை ஓட்டிக்கொண்டு, சார்ஜும் ஏற்றிக்கொண்டு, ஹாட்ஸ்பாட்டும் தரும்போது அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். திரையின் ஒளி தானாக மங்கும், பிறகு சார்ஜ் ஏறுவது நிற்கும், பிறகு வேகம் குறையும். மூன்றும் இந்த வரிசையில் வந்தால், வலையமைப்பைக் குறை சொல்லாமல் போனைத் தொட்டுப் பாருங்கள். ஏசி காற்று வரும் திறப்பின் முன்னால் மாட்டும் பிடிப்பான் இதற்கு நல்ல தீர்வு. கண்ணாடிக்கு அருகே இருப்பதால் அலையும் நன்றாகக் கிடைக்கும்.

கணக்கு

அன்றைய பயணத்தில் இரண்டு பிள்ளைகள் 480pஇல் படம் பார்த்தார்கள். நொடிக்கு 1.1 மெகாபிட் என்றால் ஒரு மணிக்கு 1.1 × 3600 ÷ 8, அதாவது 495 எம்பி. இரண்டு பேருக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி. என் பேக்கில் ஒரு நாளைக்கு 2 ஜிபி. புதுச்சேரியில் தொடங்கிய இருவரும், சாப்பிட நிறுத்திய நேரம் போக, மாமல்லபுரத்தை எட்டுவதற்கு முன்பே அதைத் தீர்த்துவிட்டார்கள். அதன்பின் என் இணைப்பின் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாக, அதாவது 8 கிலோபைட்டாகக் குறைந்துவிட்டது. அந்த வேகத்தில் படம் ஓடாது. வரைபடம் மட்டும் திக்கித் திணறி நகரும். வரைபடம் மிகக் குறைவான டேட்டாவையே கேட்கும் என்றாலும், செல்லும் வழியின் பகுதியை முந்தைய இரவே வீட்டு வைஃபையில் போனுக்குள் இறக்கி வைத்திருந்தால் அந்தத் திணறலும் இருந்திருக்காது.

காரின் வைஃபையில் இணையம் இருந்திருந்தால் இதே கணக்குதான், காசு மட்டும் வேறு பையிலிருந்து போயிருக்கும். கார்ப் பேக்கின் ஒரு ஜிபி விலையையும் உங்கள் போன் பேக்கின் ஒரு ஜிபி விலையையும் ஒருமுறை எழுதிப் பார்த்துவிடுங்கள். அண்ணனின் விஷயத்தில் போன்தான் மலிவாக இருந்தது. எனவே அவர் இலவசக் காலம் முடிந்ததும் கார் செயலிக்கான சந்தாவை மட்டும் வைத்துக்கொண்டு, ஹாட்ஸ்பாட் பேக்கை விட்டுவிட்டார்.

திரும்பி வரும்போது மைத்துனரின் காரில் ஏற்பாடு இப்படி இருந்தது. என் போன் ஏசி திறப்பின் முன்னால், கேபிளில், திரையில் வரைபடம். ஹாட்ஸ்பாட் அவருடைய போனிலிருந்து, 5 கிகாஹெர்ட்ஸில். டேப்லெட்டும் பையனின் அக்காவின் போனும் அதில். காணொளியின் தரம் 360pஇல் பூட்டப்பட்டிருந்தது. ஏழு அங்குலத் திரையில் அவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. டேப்லெட்டில் காரின் வைஃபைப் பெயரை "மறந்துவிடு" என்று சொல்லி நீக்கியிருந்தேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அது அந்தக் காலிக் குழாயிலேயே போய் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வீடு வந்த பிறகு மைத்துனர் கேட்டார்: "மச்சான், அப்போ இந்தக் கார்ல இருக்கற வைஃபை எதுக்குத்தான் ஆகும்?" வண்டியைப் போர்டிகோவில் நிறுத்தி, திரையில் வைஃபையைத் திறந்து, அவருடைய வீட்டு இணைப்பின் பெயரைத் தொட்டுக் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்குக் கொடுக்கும் அதே கார், இப்போது வாங்கும் இடத்தில் நின்றது. பல மாதமாகக் காத்திருந்த வரைபடப் புதுப்பிப்பு இறங்கத் தொடங்கியது.